வேகமும் சமநிலையும்: அல்சூர் டியூஷன் பிள்ளைகளுக்கான திருப்புதல் குறிப்பு

வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டு, வீட்டில் தமிழில் யோசிக்கிற உங்களுக்காக இந்த இரண்டு பாடங்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை வரும்போது இதை ஒருமுறை படித்துவிட்டு, கணக்குகளைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒரு விஷயம். டிசம்பரில் நம் பெங்களூரில் ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் அப்படியே கிடக்கும். அதே மாவு சென்னையில் பாத்திரத்தை விட்டு வழிந்திருக்கும். மாவு ஒன்றுதான், வேகம்தான் வேறு. எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பது வேகவியல் கேட்கும் கேள்வி. எதுவரை போய் நிற்கிறது என்பது சமநிலை கேட்கும் கேள்வி. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்புவதால்தான்.

வினைவேக விதி

```
வேகம் = k [A]^x [B]^y
```

x, y இரண்டும் சோதனையில் கிடைப்பவை. சமன்பாட்டில் A-க்கு முன்னால் 2 இருக்கிறது என்பதற்காக x = 2 என்று எழுதாதீர்கள். வருஷா வருஷம் நான் சிவப்பு மையில் சுழிப்பது இதைத்தான். வினை பல படிகளில் நடந்தால் மிக மெதுவான படியே வேகத்தைத் தீர்மானிக்கும். சில்க் போர்டு சிக்னலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் சாலை எவ்வளவு காலியாக இருந்தாலும், நீங்கள் வீடு சேரும் நேரத்தை அந்த ஒரு சிக்னல்தான் முடிவு செய்கிறது. 2NO₂ + F₂ → 2NO₂F வினையில் மெதுவான முதல் படி NO₂ + F₂. அதனால் வேகம் = k[NO₂][F₂]. NO₂-வின் வரிசை 2 அல்ல, 1.

தொகையிட்ட வடிவங்கள்:

```
பூஜ்ய வரிசை:    [A] = [A]₀ − kt             t½ = [A]₀ / 2k
முதல் வரிசை:    k = (2.303/t) log([A]₀/[A])   t½ = 0.693 / k
இரண்டாம் வரிசை: 1/[A] = 1/[A]₀ + kt          t½ = 1 / (k[A]₀)
```

k-யின் அலகே வரிசையைக் காட்டிக்கொடுக்கும். mol L⁻¹ s⁻¹ என்றால் பூஜ்யம், s⁻¹ என்றால் ஒன்று, L mol⁻¹ s⁻¹ என்றால் இரண்டு. ஒரு மதிப்பெண் கேள்வியில் அலகை மட்டும் கொடுத்து வரிசையைக் கேட்பார்கள்.

உதாரணமும் கேட்பார்கள். பூஜ்ய வரிசைக்கு: அதிக அழுத்தத்தில் சூடான பிளாட்டினப் பரப்பில் அம்மோனியா சிதைவது. பரப்பு முழுவதும் மூலக்கூறுகள் நிரம்பிவிட்டபின், வெளியே எவ்வளவு வாயு காத்திருந்தாலும் வேகம் மாறாது. முதல் வரிசைக்கு: N₂O₅ சிதைவது, எல்லாக் கதிரியக்கச் சிதைவுகளும். அமிலக் கரைசலில் எஸ்டர் நீராற்பகுப்பு போலி முதல் வரிசை. தண்ணீர் ஏராளமாக இருப்பதால் அதன் செறிவு மாறுவதே தெரியாது.

அட்டவணையிலிருந்து வரிசை கண்டுபிடிப்பது

```
சோதனை   [A]    [B]    தொடக்க வேகம் (mol L⁻¹ s⁻¹)
1       0.10   0.10   2.0 × 10⁻³
2       0.20   0.10   4.0 × 10⁻³
3       0.20   0.30   3.6 × 10⁻²
```

ஒரு பொருளின் செறிவு மட்டும் மாறும் இரண்டு வரிகளைத் தேடுங்கள். 1, 2: A இரட்டிப்பு, வேகமும் இரட்டிப்பு, எனவே x = 1. 2, 3: B மூன்று மடங்கு, வேகம் ஒன்பது மடங்கு, எனவே y = 2. k-க்கு முதல் வரியை வையுங்கள்: 2.0 × 10⁻³ / (0.10 × 0.10²) = 2.0 L² mol⁻² s⁻¹. விடையை மூன்றாவது வரியில் வைத்துச் சரிபாருங்கள்: 2.0 × 0.20 × 0.09 = 0.036. பத்து நொடி வேலைதான், விடாதீர்கள்.

இன்னொன்று. முதல் வரிசை வினை, k = 0.0231 min⁻¹. அரை வாழ்காலம் 0.693/0.0231 = 30 நிமிடம். 90% முடிய எவ்வளவு நேரம்? மீதி 10%, எனவே [A]₀/[A] = 10, log 10 = 1. t = 2.303/0.0231, சுமார் 99.7 நிமிடம். இங்கே 90-ஐ [A] என்று வைத்துவிடுவது வழக்கமான தவறு. முடிந்தது 90, மீதி 10.

பார்த்தவுடன் அடையாளம் தெரிய வேண்டிய வரைபடங்கள்

நேரத்துக்கு எதிராக [A] நேர்கோடாக இறங்கினால் பூஜ்ய வரிசை, சாய்வு −k. log[A] நேர்கோடானால் முதல் வரிசை, சாய்வு −k/2.303. 1/[A] நேர்கோடாக ஏறினால் இரண்டாம் வரிசை, சாய்வு k. அச்சுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், கோட்டைப் பிறகு பாருங்கள். செறிவுக்கு எதிராக வேகம் என்று வந்தால் கதையே வேறு: அங்கே படுத்த கோடு பூஜ்யம், ஆதிவழி செல்லும் நேர்கோடு ஒன்று. [A]₀-க்கு எதிராக t½ படுத்த கோடாக இருந்தால் அதுவும் முதல் வரிசைதான்.

வெப்பநிலை

நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தண்ணீர் ஏறக்குறைய 97 °C-இலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவதும், குக்கரில் சுமார் 120 °C-இல் சட்டென்று வெந்துவிடுவதும் அர்ஹீனியஸ் சமன்பாடுதான்.

```
k = A e^(−Ea/RT)
log(k₂/k₁) = (Ea / 2.303R) × (T₂ − T₁)/(T₁T₂)
```

298 K-இலிருந்து 308 K-க்குப் போகும்போது வேகம் இரட்டிப்பானால்:
Ea = 2.303 × 8.314 × 0.3010 × 298 × 308 / 10 = 52.9 kJ mol⁻¹.
வெப்பநிலை கெல்வினில்தான் இருக்க வேண்டும். R = 8.314 என்று போட்டால் விடை ஜூலில் வரும், கடைசியில் 1000-ஆல் வகுங்கள். 1/T-க்கு எதிராக ln k வரைந்தால் இறங்கும் நேர்கோடு, சாய்வு −Ea/R.

சமநிலை

முன்னோக்கு வேகமும் பின்னோக்கு வேகமும் சமமாகும் நிலை. செறிவுகள் சமம் என்று பொருளல்ல, அவை மாறாமல் நிற்கின்றன, அவ்வளவே. வினை உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. செறிவு-நேர வரைபடத்தில் கோடுகள் படுக்கும் இடம்தான் சமநிலை. அவை ஒன்றையொன்று வெட்டும் இடம் அல்ல.

H₂ + I₂ ⇌ 2HI, Kc = 64. ஒரு லிட்டர் கலனில் H₂, I₂ தலா 1 மோல்.

```
          H₂      I₂      HI
தொடக்கம்  1       1       0
மாற்றம்   −x      −x      +2x
சமநிலை    1−x     1−x     2x
```

(2x)²/(1−x)² = 64. இரு பக்கமும் வர்க்கமூலம் எடுங்கள்: 2x/(1−x) = 8, x = 0.8. HI = 1.6 M, H₂ = I₂ = 0.2 M. இது முழு வர்க்கமாக இருப்பதைக் கவனிக்காமல் இருபடிச் சமன்பாட்டுக்குள் இறங்கி நேரத்தை வீணாக்காதீர்கள்.

Kp = Kc(RT)^Δn. இதில் Δn வாயு மோல்களை மட்டும் எண்ணுவது. CaCO₃ சிதைவதில் திண்மங்கள் K-யில் வராது, Kp = p(CO₂) மட்டுமே. Q < K என்றால் வினை முன்னோக்கிப் போகும், Q > K என்றால் பின்னோக்கி.

லீ சாட்லியர் கேள்விக்கு ஹேபர் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: N₂ + 3H₂ ⇌ 2NH₃, ΔH = −92 kJ. நான்கு மோல் வாயு இரண்டாகிறது, ஆகவே அதிக அழுத்தம் அம்மோனியாவைக் கூட்டும். வெப்ப உமிழ் வினை, ஆகவே குளிர்ச்சிதான் விளைபொருளுக்கு நல்லது. ஆனால் குளிரில் வினை நத்தையாக நகரும். அதனால்தான் ஆலையில் இரும்பு வினையூக்கியோடு சுமார் 200 atm, சுமார் 700 K. இரண்டு பாடமும் மோதும் இடம் இதுதான், ஐந்து மதிப்பெண் கேள்வி இங்கிருந்து வர நிறைய வாய்ப்பு உண்டு. வினையூக்கி இரு திசைக்கும் Ea-வை ஒரே அளவு குறைக்கும். சமநிலை சீக்கிரம் வரும், K மாறாது. K-யை மாற்றுவது வெப்பநிலை மட்டுமே. கனஅளவு மாறாமல் ஆர்கான் சேர்த்தால் ஒன்றும் நகராது.

வரைபடத்தில் ஒரு கோடு மட்டும் செங்குத்தாகத் தாவினால் அந்தப் பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாக் கோடுகளும் ஒன்றாகத் தாவினால் கலனைச் சுருக்கியிருக்கிறார்கள். எதுவும் தாவாமல் மெல்ல வளைந்து புதிய மட்டத்துக்குப் போனால் வெப்பநிலையை மாற்றியிருக்கிறார்கள்.