வாலிபர் பைபிள் குவிஸ்: ரூல்ஸும் மாதிரி கேள்விகளும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்! ஜூன் மாசம் ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு குவிஸ். இந்த தடவ ரெண்டு சின்ன புஸ்தகம்தான், யோனாவும் ரூத்தும். ரெண்டுலயும் நாலு நாலு அதிகாரம், ஒரே மூச்சுல வாசிச்சிடலாம், ஆனா ஒரு தடவ வாசிச்சிட்டு வந்தா போதாது, ஏன்னு கீழ கேள்விய பாத்தா புரியும்.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், மீன் வயித்துல எத்தனை நாள், நகோமி புருஷன் பேரு என்ன, இந்த மாதிரி கேள்வி ஒன்னுகூட வராது. அதனால பைபிள் மேசை மேல திறந்தே இருக்கலாம். பேப்பர் பைபிள் மட்டும்தான், எந்த மொழிபெயர்ப்பா இருந்தாலும் ஓகே. போன் வேணாம், ஆப்ல பக்கத்துலயே விளக்கவுரை திறந்துடும், அப்புறம் வேற யாரோ யோசிச்சதத்தான் நாம கேட்டுட்டு இருப்போம்.

டீமுக்கு 4 பேர், வயசு 15-லருந்து 25. பஸ்ஸர் கிடையாது. கேள்வி வாசிச்சதும் 3 நிமிஷம் பேசிக்கோங்க, அப்புறம் 2 நிமிஷத்துல உங்க சொந்த வார்த்தைல பதில். ஒவ்வொரு ரவுண்டுக்கும் வேற ஆள் பேசணும், ஒரே அண்ணன் எல்லாத்துக்கும் எழுந்து நிக்கிற கதை இந்த வருஷம் இல்ல.

மார்க் 10. சரியான வசனத்த காட்டினா 4, அந்த வசனத்துலருந்து பதிலுக்கு எப்படி வந்தீங்கன்னு சொன்னா 4, நடுவர் கேக்குற ஒரு குறுக்குக் கேள்விக்கு 2. வசனத்த மனப்பாடமா ஒப்பிச்சா அதுக்குன்னு தனி மார்க் இல்ல. "ஆண்டவர் நம்மள நேசிக்கிறார்", "கீழ்ப்படியணும்" மாதிரி எந்தக் கேள்விக்கும் பொருந்துற சண்டே ஸ்கூல் பதிலுக்கு, உண்மையாவே இருந்தாலும், பூஜ்யம்தான்.

ஒரு உதாரணம். கேள்வி: யோனா ஏன் தர்ஷீசுக்கு ஓடினான்? "நினிவே ஜனங்கள பாத்து பயந்துட்டான்"னு ஒரு டீம் சொல்லுது, நிறைய பேர் அப்படித்தான் கேட்டு வளந்திருக்கோம். எந்த வசனம்னு நடுவர் கேப்பார், அங்க மாட்டிப்பாங்க, பயந்தான்னு எங்கயும் எழுதல. இன்னொரு டீம் 4:2-ஐ காட்டி, ஆண்டவர் இரக்கம் காட்டி மன்னிச்சிடுவார்னு தெரிஞ்சுதான் ஓடினான், அவனுக்கு அந்த ஊரு தப்பிக்கிறதுதான் பிடிக்கலன்னு சொன்னா 8. அப்போ 4:5-ல ஏன் பந்தல் போட்டு உக்காந்து நகரத்தையே பாத்துட்டு இருந்தான்னு நடுவர் கேக்க, அதுக்கும் பதில் வந்தா 10.

இனி மாதிரி கேள்விங்க.

1. யோனா 1-ம் அதிகாரத்துல யாரெல்லாம் ஜெபம் பண்றாங்க, யார் பண்ணல? இத எழுதினவர் யார நல்லவங்களா காட்டுறார்னு நினைக்கிறீங்க?

2. யாத்திராகமம் 34:6-ல ஆண்டவரோட இரக்கத்தப் பத்தி வர்ற வார்த்தைகள யோனா 4:2-ல திரும்ப சொல்றான். அங்க இருக்குற தொனிக்கும் இங்க இருக்குற தொனிக்கும் என்ன வித்தியாசம்?

3. ரூத் 1:21-ல வெறுமையா திரும்பி வந்தேன்னு நகோமி சொல்றப்போ பக்கத்துல யார் இருக்கா? அதே நகோமிகிட்ட 4:15-ல ஊர்ப் பொம்பளைங்க சொல்றத சேத்து வச்சு பேசுங்க.

4. லேவியராகமம் 19:9-10 கேக்குறது எவ்வளவு, ரூத் 2:15-16-ல போவாஸ் செய்யச் சொன்னது எவ்வளவு? சட்டம் எங்க முடிஞ்சு போவாஸ் எங்க ஆரம்பிக்கிறார்?

5. ரூத் 4:6-ல தன்னால மீட்டுக்க முடியாதுன்னு விலகின அந்த உறவுக்காரன் செஞ்சது தப்பா? ரெண்டு பக்கமும் பேசிட்டு அப்புறம் முடிவ சொல்லுங்க.

6. போவாஸோட வயல்ல யோனா வேலைக்காரனா இருந்திருந்தா, மோவாப் தேசத்துப் பொண்ணு வந்து கதிர் பொறுக்குறத பாத்து என்ன சொல்லியிருப்பான்? கற்பனை பண்ணலாம், ஆனா ரெண்டு புஸ்தகத்துலருந்தும் ஒவ்வொரு வசனமாச்சும் வேணும். (எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இதுதான், சும்மா சொல்றேன்.)

நடுவர்களுக்கு: உங்க கையில இருக்குற பதில் ஒரு உதவிக்குத்தான். டீம் வேற பதில் சொல்லி அத வசனம் தாங்குச்சுன்னா முழு மார்க் போடுங்க. பேசத் திணறுற பிள்ளைங்களுக்கு கொஞ்சம் டைம் விடுங்க, பிரசங்கம் மாதிரி பேசுறதுக்குன்னு கூட மார்க் போடாதீங்க.

ஒரு டீமோட பதில் தப்புன்னு வேற டீமுக்கு தோணுச்சுன்னா கை தூக்கலாம், வசனத்தோட மறுத்தா 3 மார்க். கிண்டல் பண்ணா 3 போயிடும், இதுல யாருக்கும் சலுகை இல்ல.

கடைசியில டை ஆச்சுன்னா நாங்க கேள்வி கேக்க மாட்டோம். ரெண்டு டீமும் அஞ்சு நிமிஷத்துல ஆளுக்கொரு கேள்வி எழுதி எதிர் டீமுக்கு கொடுக்கணும், எந்தக் கேள்வி புஸ்தகத்த மறுபடி திறக்க வைக்குதோ அந்த டீமுக்குத்தான் கப்.