பிரெஞ்சில் உடம்புக்கு என்னவென்று சொல்ல: லியோனில் படிக்கப் போகும் தம்பிக்கு

தம்பி, இதை போனில் வைத்துக்கொள். உடம்பு சரியில்லாத நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. 'ஆன்', 'ஓன்' என்று வரும் இடங்களில் 'ன்'-ஐ அழுத்தாமல் மூக்கில் விட்டுவிடு.

பச்சைச் சிலுவை எரியும் கடைதான் மருந்துக்கடை, 'ஃபார்மசி'. உள்ளே போனதும் முதல் வார்த்தை 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் வலியைச் சொன்னால் முகம் மாறிவிடும்.

எங்கே வலித்தாலும் 'ஜே மால்' என்று தொடங்கி இடத்தைச் சேர்த்தால் போதும். தலை 'ஆ லா தெத்', தொண்டை 'ஆ லா கோர்ஜ்', வயிறு 'ஓ வான்த்ர்', முதுகு 'ஓ தோ', பல் 'ஓ தான்', காது 'ஆ லோரேய்'. ஆனால் ஒன்றில் ரொம்பக் கவனமாக இரு. 'ஜே மால் ஓ கேர்' என்றால் நெஞ்சு வலி இல்லை, குமட்டுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நெஞ்சு வலித்தால் 'ஜே மால் ஆ லா புவாத்ரீன்' என்று சொல். இது மாறிப்போகக் கூடாது.

எப்படி வலிக்கிறது என்றும் கேட்பார்கள். எரிந்தால் 'சா மு ப்ரூல்', அரித்தால் 'சா மு க்ராத்', விண்விண் என்று தெறித்தால் 'சா மு லான்ஸ்'. தலை சுற்றினால் 'ஜே லா தெத் கி தூர்ன்'. வாந்தி எடுத்திருந்தால் 'ஜே வோமி', வயிற்றுப்போக்கு என்றால் 'ஜே லா தியாரே'. வெட்கப்படாமல் சொல், அவர்களுக்கு இது தினசரி விஷயம். வலி எவ்வளவு என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டால் 'செத் ஸூர் தீஸ்', பத்துக்கு ஏழு.

இருமலுக்கு 'ஜு தூஸ்'. வறட்டு இருமலா சளி இருமலா என்று பார்த்துத்தான் மருந்து தருவார்கள்: வறட்டு இருமல் 'தூ சேஷ்', சளி இருமல் 'தூ க்ராஸ்'. மூக்கு அடைப்பு 'ஜே லு நே பூஷே', ஒழுகினால் 'ஜே லு நே கி கூல்'.

சரி, குளிரில் உனக்கு முதலில் வரப்போவது தொண்டை வலியும் காய்ச்சலும்தான். கடையில் பேச்சு இப்படிப் போகும்:

— போன்ஜூர். ஜே மால் ஆ லா கோர்ஜ், எ ஜே து லா ஃபியேவ்ர். (தொண்டை வலி, காய்ச்சல்.)
— துபுயி கான்? (எப்போதிலிருந்து?)
— துபுயி தே ஜூர். (இரண்டு நாளாக.)
— கோம்பியன்? (எவ்வளவு காய்ச்சல்?)
— த்ரான்த்-உயித் சாங்க். (38.5. செல்சியஸ்தான், ஃபாரன்ஹீட் சொல்லாதே.)
— வூ ஸாவே தே ஸாலெர்ஜி? (ஒவ்வாமை ஏதாவது உண்டா?)
— உயி, ஜு சுயி ஸாலெர்ஜிக் ஆ லா பெனிசிலின்.

கடைசி வரியை மட்டும் மனப்பாடம் செய்துவிடு. சின்ன வயதில் உடம்பெல்லாம் தடித்து அம்மா பதறியது நினைவிருக்கும். தொண்டை அழற்சியை இங்கே 'ஆன்ஜீன்' என்பார்கள். நம் ஊரில் இதய வலிக்குச் சொல்லும் ஆஞ்சைனா என்று நினைத்துப் பயந்துவிடாதே. 2024 முதல் மருந்தாளரே தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்துச் சோதித்து, பாக்டீரியா என்று தெரிந்தால் டாக்டர் சீட்டு இல்லாமலே ஆன்டிபயாட்டிக் தரலாம். இதற்கு வழக்கமாகத் தருவது அமாக்சிசிலின், அது பெனிசிலின் குடும்பம். அவர்கள் கேட்காவிட்டாலும் நீயே சொல்.

பாரசிட்டமால் 2020 முதல் கவுண்டருக்குப் பின்னால்தான் இருக்கும், கேட்டால் தருவார்கள். 'தோலிப்ரான்', 'எஃபெரால்கான்' இரண்டும் அதேதான், சேர்த்துப் போட்டுக்கொள்ளாதே. ஒரு மாத்திரையே 1000 மில்லிகிராம் இருக்கலாம், நம் 650 போல நினைக்காதே. 'அன் கோம்ப்ரிமே, த்ருவா ஃபுவா பார் ஜூர்' என்றால் ஒரு மாத்திரை, நாளைக்கு மூன்று முறை. 'ஆ ஜன்' வெறும் வயிற்றில், 'பான்தான் லு ரெபா' சாப்பாட்டோடு.

டாக்டரிடம் போக 'ஜு வூத்ரே அன் ரான்தே வூ' என்று நேரம் கேட்க வேண்டும். அங்கே பெரும்பாலும் கட்டளைகள்தான்: 'உவ்ரே லா பூஷ்' வாயைத் திற, 'ரெஸ்பிரே' மூச்சை இழு, 'அலோன்ஜே வூ' படுத்துக்கொள். எதுவும் புரியாவிட்டால் 'புவே வூ எக்ரீர்?' என்று எழுதித் தரச் சொல். கையில் கிடைக்கும் 'ஓர்தொனான்ஸ்'தான் மருந்துச் சீட்டு.

மூச்சு விட முடியாவிட்டால் கடைக்கு நடக்காதே. 15-ஐ அழை, 112-ம் எடுக்கும். 'ஜு நாரீவ் பா ஆ ரெஸ்பிரே' என்று சொல். அப்புறம் முகவரி, மாடி, வாசல் கதவின் குறியீட்டு எண். அந்த எண் இல்லாமல் இங்கே பல கட்டிடங்களுக்குள் ஆம்புலன்ஸ்காரர்களால் நுழையவே முடியாது. அறை கிடைத்த அன்றே இதற்குக் கீழே எழுதி வைத்துக்கொள்.

அக்கா