படிப்பகப் புத்தகங்களைப் படம் எடுக்கிறவர்களுக்கு

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு நீங்கள் எடுத்துக் கொடுத்த 212 படங்களையும் பார்த்துவிட்டேன். படத்தைப் படித்து எழுத்தாக மாற்றும் மென்பொருளில் 140 பக்கங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. மீதி 72 பக்கங்களை மறுபடி எடுக்க வேண்டும். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லாமல் விட்டது என் தப்பு.

பாதிக்கு மேல் கெட்டது புள்ளியால்தான். நாம் படிக்கும்போது புள்ளி மங்கியிருந்தாலும் மனசு போட்டுக்கொள்ளும். மென்பொருளுக்கு அந்த மனசு கிடையாது. படம் கொஞ்சம் கலங்கினால் 'வந்தான்' 'வநதான' ஆகிவிடும். 'கல்வி'யில் புள்ளி போனால் என்ன ஆகும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். போன வாரம் அதுவும் நடந்தது, அதுவும் பள்ளிக்கூடத்தைப் பற்றிய கட்டுரையில்! இதற்கு நேர்மாறாக, தாளில் ஒட்டியிருந்த தூசியைப் புள்ளியாக எடுத்துக்கொண்டு 'பல பேர்' என்பதை 'பல் பேர்' ஆக்கியிருக்கிறது. அதனால் எடுப்பதற்கு முன் இரண்டு காரியம்: பக்கத்தை மெல்லிய துணியால் தட்டிவிடுங்கள், போன் கேமராக் கண்ணாடியைத் துடையுங்கள். சட்டைப்பையில் கிடந்த போனில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்.

வெளிச்சத்துக்கு நம் ஊர்த் திண்ணையை மிஞ்ச எதுவும் இல்லை. தையல்கார அக்கா தன் வீட்டுத் திண்ணையில் எடுத்த 38 படங்களில் ஒன்றுகூடப் பழுதில்லை. நேர் வெயில் வேண்டாம், டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காரவும் வேண்டாம். உங்கள் தலை நிழலே பக்கத்தில் விழும். பிளாஷ் போடவே போடாதீர்கள். வழவழத் தாளில் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து, அங்கிருக்கிற நாலு வரி போய்விடும்.

புத்தகத்தை விரித்து இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் தையல் ஓரம் வளைந்து வரியும் வளைகிறது. மென்பொருள் அங்கே மேல் வரியையும் கீழ் வரியையும் ஒட்டிப் படிக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு பக்கம் போதும். அதற்காகப் பழைய கட்டுகளை அழுத்தி விரிக்காதீர்கள், முதுகு உடைந்துவிடும். ஒரு செங்கலில் துண்டைச் சுற்றி, எதிர்ப் பக்கத்தை அதன்மேல் சாய்த்து வைத்தால் நாம் எடுக்கிற பக்கம் மட்டும் தட்டையாகக் கிடக்கும். போனை ஓர் அடி உயரத்தில், பக்கத்துக்கு நேர் மேலே படுக்கையாகப் பிடியுங்கள். சாய்த்தால் மேல் வரி சின்னதாகவும் கீழ் வரி பெரிதாகவும் வரும். திரையில் எழுத்தின்மேல் ஒருமுறை தொட்டு, தெளிந்த பிறகு எடுங்கள். நாலு ஓரமும் படத்துக்குள் இருக்கட்டும், பக்க எண்ணும் சேர்ந்து. விரல் ஓரத்தில் தெரிந்தால் பரவாயில்லை, எழுத்தின்மேல் வேண்டாம்.

தாள் மெலிதாக இருந்து பின்பக்க எழுத்து தெரிந்தால், அந்தத் தாளுக்கு அடியில் ஒரு கறுப்பு அட்டையைச் செருகுங்கள். இது சின்னத் தந்திரம்தான், ஆனால் 1950களின் செய்தித்தாள் காகிதப் புத்தகங்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

சில தம்பிகள் ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையாக்கி அனுப்பியிருந்தார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது, புள்ளியைத்தான் தின்றுவிட்டது. கலரில் எடுத்ததை எடுத்தபடியே கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். நெட் இல்லாதவர்கள் போனையே கொண்டுவாருங்கள், கேபிள் போட்டு எடுத்துக்கொள்கிறேன்.

சரி, எடுத்தது தேறுமா என்று எப்படித் தெரியும்? முதல் படத்தை மட்டும் கூகுள் லென்ஸில் திறந்து, மூன்று வரியைத் தேர்ந்தெடுத்துப் படித்துப் பாருங்கள். புள்ளிகள் சரியாக விழுந்திருந்தால் அதே இடத்தில், அதே உயரத்தில் மீதியை எடுக்கலாம். ஒன்று மட்டும்: 1978-க்கு முந்தைய புத்தகங்களில் 'ணை', 'லை', 'னை' யானைத் துதிக்கை மாதிரிக் கொம்போடு இருக்கும், 'றா', 'னா' சுழித்திருக்கும். அவற்றில் மென்பொருள் எப்படியும் தடுமாறும். அது உங்கள் படத்தின் குற்றமில்லை, மறுபடி எடுக்க வேண்டாம். நான் கையால் திருத்திக்கொள்கிறேன்.

கையெழுத்துப் பத்திரிகைகளையும் இதே மாதிரி எடுங்கள், ஆனால் தனியாக வையுங்கள். அவற்றை யாராவது உட்கார்ந்து தட்டச்சு செய்யத்தான் வேண்டும்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் படிப்பகத்தில் இருப்பேன். செங்கல், துண்டு, கறுப்பு அட்டை எல்லாம் என் பொறுப்பு. மறுபடி எடுக்க வேண்டிய 72 பக்கங்களில் துண்டுச்சீட்டு செருகி மர அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். சீட்டை யாரும் உருவிவிடாதீர்கள்.