காவடிக் காட்சி குறித்து இயக்குநருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயாவுக்கு,

வணக்கம். மொரிஷியஸிலிருந்து, காத்ர் போர்ன் என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தைப்பூசத்தன்று கோயிலில் காவடிகள் வந்து சேரும்போது பால் செம்புகளை வாங்கி உள்ளே கொடுக்கிற பெண்களில் நானும் ஒருத்தி.

உங்கள் படம் இங்கே நன்றாக ஓடியது. எங்கள் தீவைக் கடற்கரையும் காதல் பாட்டுமாகத்தான் தமிழ்ப் படங்களில் பார்த்துப் பழகியிருக்கிறோம். நீங்கள் கரும்புத் தோட்டத்துக்குள் வந்தீர்கள், கோயிலுக்குள் வந்தீர்கள். ஊர்வலம் போகும்போது பக்கத்து வீட்டுக் கிரியோல் அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தார்ச்சாலையில் ஊற்றுவதாக ஒரு காட்சி வைத்திருந்தீர்களே, அது நூற்றுக்கு நூறு உண்மை. யார் சொல்லி அதை வைத்தீர்களோ, அவருக்கு என் நன்றி. அப்படிப் பார்த்துப் பார்த்து எடுத்த படம் என்பதால்தான், காவடியில் வந்த சில பிசகுகளை உங்களிடமே சொல்லலாம் என்று தோன்றியது. சண்டை போடுவதற்கான கடிதம் இல்லை இது.

முதலில் பெரியதைச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகனின் அப்பா இறந்து மூன்றாம் நாள், அவர் வேண்டிக்கொண்ட காவடியை மகன் தூக்குகிறான். திரையரங்கில் அந்த இடத்தில் பலர் அழுதார்கள். ஆனால் எங்கள் வரிசையில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கம் நடந்த வீட்டில் காவடி எடுக்க மாட்டார்கள். கருமாதி முடியும்வரை கோயில் படியே ஏறுவதில்லை; நேர்த்திக்கடனை ஒரு வருஷம் கழித்துத்தான் செலுத்துவார்கள். இதைத் தண்டனையாக நாங்கள் நினைப்பதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் அழ வேண்டிய காலம் அது; முருகன் காத்திருப்பான் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சு. உங்கள் கதைக்கு அந்தக் காவடி அதே தைப்பூசத்தில் கோயிலுக்குப் போயே ஆக வேண்டும் என்றால், அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்த நண்பர் எடுத்திருக்கலாம். மகன் சாலையோரம் கூட்டத்தில் நின்று, அருகில் வராமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். கதை எழுதுவது உங்கள் வேலை, எனக்குத் தெரியும். வழக்கத்தை மாற்றாமலும் அந்த அழுகையை வரவழைக்க முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்தது விரதம். படத்தில் மகன் காலையில் முடிவெடுக்கிறான், மத்தியானம் அலகு குத்திக்கொள்கிறான். இங்கே கோயிலில் கொடி ஏறும் நாளில் விரதம் தொடங்கும். பத்து நாள். மீன், இறைச்சி, முட்டை, மது எதுவும் கிடையாது; தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள்; கணவன் மனைவி விலகியிருப்பார்கள். மாலையில் கோயிலில் பூசை இருக்கும். தனியாக ஒருவர் இருக்கிற விரதமும் இல்லை இது. ஒருவர் காவடி எடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் சைவம்தான், மீன் சட்டியைக்கூட எடுத்துத் தனியே வைத்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு அலகு குத்திவிடுகிறவரும் விரதம் இருப்பார். எங்களுக்குக் காவடி என்பது பெரும்பாலும் இந்தப் பத்து நாள்தான். பூச நாளில் வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடிப்பது அதன் கடைசிச் சில மணி நேரத்தை மட்டும்.

அந்தக் கடைசி மணி நேரங்களிலும் படம் அலகின் மேலேயே நின்றுவிட்டது. வேல் கன்னத்தில் இறங்குகிறது, ரத்தம் வழிகிறது, கதாநாயகன் வானத்தைப் பார்த்துக் கத்துகிறான், நூறு மேளம் ஒரே நேரத்தில் முழங்குகிறது. நான் பார்த்தவரையில் அந்த இடம் மிகவும் அமைதியானது. ஆற்றங்கரையில் குளித்து, பூசை முடித்து, ஈரத் துணியோடு நிற்பார்கள். பழக்கப்பட்ட ஒருவர் திருநீறு தடவி, அலகைக் குத்துவார். சுற்றி நிற்பவர்கள் அரோகரா சொல்வார்கள். பெரும்பாலும் ரத்தம் வராது. வந்தாலும் ஒரு துளி, அதையும் திருநீறு வைத்து அழுத்திவிடுவார்கள். கத்துகிறவர்களை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். முகம் சுருங்கும், பக்கத்தில் நிற்கும் அம்மாவோ மனைவியோ கையைப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

நாக்கில் அலகு குத்திய பிறகு கதாநாயகன் வில்லனைப் பார்த்து ஒரு வசனம் பேசுகிறார். நல்ல வசனம்தான், என் மாணவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் நாக்கில் வேல் இருக்கும்போது பேச வராது என்பது ஒரு பக்கம் இருக்க, பேசாமல் இருப்பதற்காகத்தான் அந்த வேலே. வாய் கட்டுவது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அந்த ஆள் முன்னால் வந்து நின்று என்ன சொன்னாலும் பதில் பேச முடியாமல் நடந்து போகிற ஒரு மனிதனை அந்த நடிகர் பிரமாதமாக நடித்துக் காட்டியிருப்பார்.

இனி காவடியைப் பற்றி. நீங்கள் காட்டியது இரும்புச் சட்டத்தில் நீளமான கம்பிகள் உடம்பைச் சுற்றி நிற்கிற வேல்காவடி. மலேசியாவில் பத்துமலையில் அதைப் பார்க்கலாம், பார்க்க அழகாகவும் இருக்கும். இங்கே வழக்கமாக எடுப்பது மரத்தால் செய்த வளைவுக் காவடி. குருத்தோலை பின்னி, பூக்கட்டி, எலுமிச்சம்பழம் கோத்து, மயிலிறகு செருகி, வீட்டு ஆட்கள் முந்தின நாள் ராத்திரி முழுவதும் உட்கார்ந்து கட்டுவார்கள். இரண்டு பக்கமும் பால் செம்பு தொங்கும். இடும்பன் இரண்டு மலைகளைத் தோளில் தூக்கி வந்த கதை உங்களுக்குத் தெரியாததா? அந்த இரண்டு மலைகளும் இந்த இரண்டு செம்புகளாக நிற்கின்றன என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வோம். உங்கள் காவடியில் செம்பே இல்லை, ஐயா. ஊர்வலம் முழுக்கப் பாலைக் காணோம்.

எனக்கு அதுதான் கொஞ்சம் வருத்தம். அந்தப் பாலைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் இவ்வளவு நடையும். செம்பின் வாயைக் கட்டி, தை மாத வெயிலில் மணிக்கணக்காக நடந்து வந்து, கோயிலில் அதை அவிழ்ப்பார்கள். பால் திரியாமல் இருந்தால் விரதம் சரியாக இருந்தது என்று நம்பிக்கை. அவிழ்க்கிற நேரத்தில் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். சிறு பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள், பாட்டிகள் மோந்துகூடப் பார்ப்பார்கள். பிறகு பால் அபிஷேகத்துக்குப் போய்விடும், அலகை எடுத்துத் திருநீறு வைப்பார்கள், எல்லோரும் வாழையிலையில் ஏழு கறியும் ரசமும் பாயசமுமாகச் சாப்பிட உட்காருவார்கள். உங்கள் காட்சி கோயில் வாசலிலேயே முடிந்துவிட்டது.

கடைசியில் தீமிதி வருகிறது. காவடியோடு வந்த கதாநாயகன் அப்படியே கொழுந்துவிட்டு எரிகிற நெருப்பில் ஓடுகிறான். இங்கும் தீமிதி உண்டு, ஆனால் அது அம்மனுக்கு, பெரும்பாலும் திரௌபதை அம்மனுக்கு. அதற்கு வேறு நாள், வேறு கொடி, வேறு விரதம். விறகை எரித்துத் தணலாக்கி, கோலால் பரப்பிச் சமன் செய்த பிறகுதான் இறங்குவார்கள். கொழுந்து எரியும்போது யாரும் கால் வைப்பதில்லை. ஓடுவதும் இல்லை, நடப்பார்கள். குழியின் கடைசியில் பால் ஊற்றிய பள்ளம் இருக்கும், அதில் கால் வைத்து ஏறுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் முருகனுக்கும் கணக்குத் தீராது, அம்மனுக்கும் தீராது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். துணைநடிகர்கள் எல்லோரும் மஞ்சள் உடுத்தியிருந்தார்கள். இங்கே காவடி நாளில் சாலையே அடர்ந்த ரோஜா நிறமாக இருக்கும், ஊடே காவியும் இருக்கும். ஊர்வலத்துக்குப் பின்னால் கரும்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. படப்பிடிப்பு எங்கள் குளிர்காலத்தில் நடந்திருக்க வேண்டும்; தையில் கரும்பு பச்சையாக இருக்கும், சாலையோரத்தில் ஃபிளம்போயான் மரங்களில் இன்னும் சிவப்புப் பூ இருக்கும். புயல் பருவம் வேறு, திடீரென்று மழை கொட்டும். இதெல்லாம் தோட்டத்துக்காரர்கள் மட்டும் கவனிப்பது, போகட்டும். ஆனால் கதாநாயகி தட்டோடு கோயில் வாசலில் நின்றுகொண்டே இருந்ததை மட்டும் என் மாணவிகள் விடவில்லை. அவர்களில் பலர் காவடி எடுத்தவர்கள், சிலர் அலகும் குத்தியவர்கள். அவள் ஏன் காவடி எடுக்கவில்லை, மிஸ் என்று என்னிடம் கேட்டார்கள்.

இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி கிரியோல். காவடிப் பாட்டை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறவர்கள் அவர்கள். தமிழ் காதில் விழுவது கோயிலிலும் சினிமாவிலும்தான். ஆகவே படத்தில் வருவது சென்னையில் செய்கிற சரியான முறை என்றும், நாங்கள்தான் கடல் தாண்டி வந்து மறந்துவிட்டோம் என்றும் நினைத்துவிடுகிறார்கள். படம் வந்த பிறகு ஒரு பையன், விரதம் நடிகர் இருக்கவில்லையே, நமக்கு மட்டும் எதற்கு என்று என்னிடம் கேட்டான். நல்ல பிள்ளைதான். நான் சொன்ன பதில் உங்கள் படத்தின் முன்னால் எடுபடவில்லை.

இரண்டாம் பாகம் எடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கோயில் காட்சி இருந்தால், கொடியேற்றத்துக்கே வந்துவிடுங்கள். கோர் தே கார்த் மலைக்கோயில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பத்து நாளும் உங்கள் ஆட்கள் சைவமாக இருந்தால் எல்லோரும் தாராளமாகப் பேசுவார்கள். ஆற்றங்கரையில் கேமராவைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். செம்பு அவிழ்க்கிற இடத்தில் எவ்வளவு அருகில் வேண்டுமானாலும் வாருங்கள், நான் ஒதுங்கி இடம் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை
காத்ர் போர்ன், மொரிஷியஸ்