மாமாவுக்கு ஏழு நாள் பிரஷர் அட்டவணை

அன்புள்ள மாமா,

போன மாதம் கிளினிக்கில் 152/94. நேற்று 148/92. இரண்டும் 140/90-க்கு மேல்தான். ஆனாலும் டாக்டர் மாத்திரை எழுதவில்லை என்று அத்தை கவலைப்பட்டார்கள். கிளினிக் வாசலை மிதித்ததும் பிரஷர் ஏறிவிடுகிறவர்கள் பலர் உண்டு. நீங்கள் அப்படிப்பட்டவரா, உண்மையாகவே ரத்த அழுத்தம் இருக்கிறதா என்பதை வீட்டுக் கணக்குதான் சொல்லும். ஒரு தடவை தொடங்கினால் பல வருடம் விழுங்க வேண்டிய மாத்திரை என்பதால் இந்த ஒரு வாரத்தைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

திங்கட்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை மாலையில் முடியுங்கள். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். ஏழு நாளில் 28 அளவுகள் சேரும்.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால் பாருங்கள். மாலையில் கடையிலிருந்து வந்து படி ஏறிய மூச்சோடு உட்கார்ந்து பார்க்கக் கூடாது. உங்கள் வீடு நான்காவது மாடி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கை கால் கழுவி, அரை மணி நேரம் கழித்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தில் பால் டீ வேண்டாம், புகையிலை வைத்த வெற்றிலையும் வேண்டாம். இரண்டுமே அளவைத் தற்காலிகமாக ஏற்றிவிடும்.

முதுகு சாய்கிற நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால் மேல் கால் போடாமல் பாதங்கள் தரையில் பதியட்டும். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றினால் அது கயிறு கட்டியதுபோல் இறுக்கும், சட்டையைக் கழற்றிவிடுங்கள். பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். கையை மேசைமேல் தலையணை வைத்து நெஞ்சு உயரத்துக்குத் தாங்கிக்கொள்ளுங்கள். நேற்று இடது கையில்தான் அளவு கூடுதலாக இருந்தது, அதனால் ஏழு நாளும் இடது கைதான். பட்டை ஊதிக்கொண்டிருக்கும்போது அத்தையும் பேச்சுக் கொடுக்கக் கூடாது! கரண்டு எப்போது போகும் என்று தெரியாத ஊர் என்பதால் புதுப் பேட்டரி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

திரையில் வருவதை அப்படியே நோட்டில் எழுதுங்கள். 143 வந்தால் 143தான், 140 என்று குறைக்க வேண்டாம். "இது கூடிப்போச்சே" என்று மூன்றாவது தடவை பார்த்து, அதில் குறைந்ததை எடுத்து எழுதாதீர்கள். அதனால் கெடுவது உங்கள் கணக்குதான். ஒரு வேளை தவறினால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். நாப்பியும் உப்பும் வழக்கம்போல இருக்கட்டும். இந்த வாரத்துக்கு மட்டும் பத்தியம் இருந்தால் உங்கள் அன்றாட அளவு எங்களுக்குத் தெரியாமல் போகும்.

இனிக் கணக்கு. திங்கட்கிழமை அளவுகள் நான்கையும் அடித்துவிடுங்கள். கருவி புதிது, மனம் படபடக்கும், பெரும்பாலும் முதல் நாள் கூடுதலாகவே காட்டும். அதற்காகத் திங்களன்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். விட்டால் செவ்வாய்க்கிழமை முதல் நாளாகிவிடும். மிச்சம் 24. காலை, மாலை எல்லாவற்றின் மேல் எண்களையும் கூட்டி 24-ஆல் வகுக்க வேண்டும். கீழ் எண்களுக்கும் அப்படியே. மேல் எண்களின் கூட்டுத்தொகை 3312, கீழ் எண்களுடையது 2064 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 138/86. வீட்டுக் கணக்குக்கு எல்லை 140/90 இல்லை, 135/85. இரண்டில் ஒன்று அந்த எல்லையைத் தொட்டாலும் ரத்த அழுத்தம் உறுதி. இரண்டும் அதற்குக் கீழே இருந்தால் கிளினிக்கில் மட்டும் ஏறுகிற பிரஷர் என்று பொருள். அப்போது மாத்திரைக்கு அவசரம் இருக்காது, ஆனால் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு தடவை 160 வந்துவிட்டது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், டாக்டர் பார்ப்பது சராசரியைத்தான்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. மேல் எண் 180 அல்லது கீழ் எண் 120, அதற்கு மேலும் காட்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே எனக்கு போன் செய்யுங்கள், இரவானாலும் சரி. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் மரத்துப்போதல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் கருவியைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அடுத்த திங்கட்கிழமை காலை எனக்குத்தான் டியூட்டி. நோட்டையும் கருவியையும் கொண்டு வாருங்கள். கூட்டல், வகுத்தலை இருவரும் சேர்ந்து சரிபார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டுவோம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்
ரங்கூன்