தணிக்கை வினா 17: கோவை விநியோகஸ்தர் கணக்கின் நிலுவை வேறுபாடு பற்றிய விளக்கம்

அம்பத்தூர் தொழிற்பேட்டை,
சென்னை 600 058.
12.6.2025

பெறுநர்:
சட்டபூர்வத் தணிக்கையாளர் அவர்கள்,
சென்னை.

பொருள்: 31.3.2025 அன்று செம்புக் கம்பி விநியோகஸ்தர் கணக்கில் சரிக்கட்டப்படாத ரூ.2,95,160

ஐயா,

எங்கள் பேரேட்டில் இவருக்குத் தர வேண்டியது ரூ.18,42,650. அவர் உங்களுக்கு நேரடியாக அனுப்பிய உறுதிக் கடிதத்தில் ரூ.21,37,810. விளக்கம் கிடைக்காவிட்டால் வேறுபாடு முழுவதையும் செலவாக ஒதுக்க வேண்டும் என்று வினாவில் எழுதியிருந்தீர்கள். இருவர் பேரேட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டதில் தொகை முழுவதும் நான்கு இனங்களுக்குள் அடங்கிவிட்டது. எதுவும் லாபத்தைத் தொடவில்லை என்பதால் ஒதுக்கீடு தேவையில்லை என்பது எங்கள் கருத்து.

பெரிய இனம் ரூ.1,77,000. கோவையிலிருந்து 29.3.2025 சனிக்கிழமை லாரியில் ஏற்றிய சரக்கு இது. மறுநாள் ஞாயிறு, அதற்கடுத்த நாள் ரம்ஜான் விடுமுறை. சரக்கு எங்கள் கிடங்குக்கு வந்தது ஏப்ரல் 2-ஆம் தேதி; வரவுச் சீட்டுப்படி அன்றே கொள்முதலாகப் பதிவானது. ஆனால் கொள்முதல் ஆணைப்படி அவர் கிடங்கு வாசலிலேயே ஒப்படைப்பு முடிகிறது. வாடகையும் வழிக் காப்பீடும் எங்களுடையவை. எனவே, சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 23(2)-இன்படி, லாரியில் ஏற்றியபோதே உரிமை எங்களுக்கு மாறிவிட்டது. கடன் மார்ச்சுக்கு உரியது. சரக்கும் அன்றைய சொத்தில் சேர வேண்டும். வரி ரூ.27,000 மட்டும் வேறு கதை. சரக்கு கைக்கு வராமல் உள்ளீட்டு வரி வரவு எடுக்க ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 16(2)(பி) இடம் தராது. மார்ச் மாத 2பி-யில் இந்த இன்வாய்ஸ் தெரிந்தும் ஏப்ரல் மாத 3பி-யில்தான் வரவு எடுத்தோம். அது சரியே, அதில் மாற்றமில்லை.

அடுத்தது ரூ.62,500. இது 21.1.2025 அன்று பாரிமுனை விநியோகஸ்தர் ஒருவருக்கு வங்கி வழியாகச் சென்ற பணம். இருவர் பெயரும் ஏறக்குறைய ஒன்று என்பதால் கோவைக்காரர் கணக்கில் பற்று விழுந்துள்ளது. பணம் உரியவருக்கே போய்ச் சேர்ந்ததை வங்கி அறிக்கையும் யு.டி.ஆர். எண்ணும் காட்டுகின்றன. பாரிமுனைக் கணக்கு உங்கள் மாதிரியில் இல்லை. அதிலும் இதே தொகை தீராமல் நிற்பதைப் பார்க்கும் வகையில் அந்தப் பேரேட்டையும் இணைத்திருக்கிறேன்.

மற்ற இரண்டும் அவர் பக்கத்து விடுபாடுகள். பிப்ரவரியில் திருப்பி அனுப்பிய கம்பிச் சுருள்களுக்கான எங்கள் பற்றுக் குறிப்பு ரூ.47,200, அதற்கு அவர் ஏப்ரலில்தான் வரவுக் குறிப்பு தந்தார். பிரிவு 194கியூ-இன் கீழ் பிடித்துக் கட்டிய டி.டி.எஸ். ரூ.8,460 அவருடைய 26ஏஎஸ்-இல் இருக்கிறது, பேரேட்டில் இல்லை. இரண்டையும் ஏற்று அவர் 6.6.2025 தேதியிட்டுக் கடிதம் தந்துள்ளார்.

திருத்தப் பதிவுகள் (31.3.2025 தேதியில்):

ப.1. வழியிலுள்ள சரக்கு க/கு பற்று 1,50,000
பின்னர் எடுக்க வேண்டிய உள்ளீட்டு வரி க/கு பற்று 27,000
கோவை விநியோகஸ்தர் க/கு வரவு 1,77,000

ப.2. கோவை விநியோகஸ்தர் க/கு பற்று 150
செலுத்த வேண்டிய டி.டி.எஸ். க/கு வரவு 150

ப.3. பாரிமுனை விநியோகஸ்தர் க/கு பற்று 62,500
கோவை விநியோகஸ்தர் க/கு வரவு 62,500

ஏப்ரல் 2-ஆம் தேதிப் பதிவால் கடன் இருமுறை ஏறாதிருக்க, நடப்பாண்டில்:

ப.4. கோவை விநியோகஸ்தர் க/கு பற்று 1,77,000
வழியிலுள்ள சரக்கு க/கு வரவு 1,50,000
பின்னர் எடுக்க வேண்டிய உள்ளீட்டு வரி க/கு வரவு 27,000

ப.2 பற்றி ஒரு வார்த்தை. இன்வாய்ஸை மார்ச்சுக்குக் கொண்டுவந்தால் வரி நீங்கலான ரூ.1,50,000 மீது 0.1 விழுக்காடு டி.டி.எஸ். பிடித்தாக வேண்டும். 150 ரூபாய்தானே என்று விட்டால் அடுத்த ஆண்டு இதே கணக்குக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டிவரும். வட்டியுடன் கட்டி, நான்காம் காலாண்டு 26கியூ-வுக்குத் திருத்த அறிக்கையும் தருகிறோம்.

இவற்றுக்குப் பின் எங்கள் நிலுவை ரூ.20,82,000. அவர் தொகையிலிருந்து 47,200, 8,460, 150 ஆகியவற்றைக் கழித்தாலும் ரூ.20,82,000 வருகிறது. மொத்தக் கடனீந்தோர் ரூ.1,76,850 கூடுகிறது, இருப்புநிலைக் குறிப்பில் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மென்பொருளில் பழைய பதிவுகள் எதையும் தொடவில்லை. எல்லாம் தனி ஜர்னல்களாகவே ஏறியுள்ளன. திருத்தப் பதிவேட்டில் தேதியும் பயனர் பெயரும் தெரியும். லாரி ரசீதின் அசல் கிடங்கில் உள்ளது. நேரில் பார்க்க விரும்பினால் எந்த வேலை நாளிலும் எடுத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
கணக்கு மேலாளர்

இணைப்பு: இரு விநியோகஸ்தர்களின் பேரேடுகள், சரிக்கட்டும் பட்டியல், கொள்முதல் ஆணை, இன்வாய்ஸ், இ-வே பில், லாரி ரசீதின் நகல், கிடங்கு வரவுச் சீட்டு, பற்றுக் குறிப்பு, வங்கி அறிக்கை, விநியோகஸ்தரின் 6.6.2025 கடிதம், ஜர்னல் அச்சுப்படிகள்.