பொருள்: இன்றும் நாளையும் காய்ச்சலுக்காக விடுப்பு, அவசரக் கோப்புகளை தினேஷ், அன்வர் பாய், செல்வி அக்கா பார்ப்பார்கள்

பெறுநர்: குணசேகரன் சார்
நகல்: தினேஷ், அன்வர் பாய், செல்வி அக்கா

குணசேகரன் சார்,

வணக்கம். இப்போது மணி காலை 5.40. இன்று செவ்வாய்க்கிழமை என்னால் அலுவலகம் வர முடியாது. நாளை புதன்கிழமையும் சேர்த்து இரண்டு நாள் விடுப்பு வேண்டும். இவ்வளவு நேரம் கழித்துச் சொல்வதற்கு மன்னியுங்கள். தொண்டை கட்டி குரலே வரவில்லை, அதனால் போனில் பேசாமல் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். தயவுசெய்து பத்து மணிக்குள் முழுவதும் படித்துவிடுங்கள் சார். அதில் இரண்டு கோப்புகள் இன்றைக்கே முடிந்தாக வேண்டியவை.

நேற்று சாயங்காலமே உடம்பு வலித்தது. மழையில் நனைந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் ஏறி 103 டிகிரி வந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னாலும் மூட்டுகளிலும் தாங்க முடியாத வலி. இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் தண்டையார்பேட்டையிலேயே இருக்கிற ஒரு ராத்திரி கிளினிக்குக் கூட்டிப்போனார். டிரிப்ஸ் ஏற்றி, டெங்குவாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள். பிளேட்லெட் 1,30,000 வந்தது. குறைந்தது 1,50,000 இருக்க வேண்டும் என்றார் டாக்டர். டெங்கு பரிசோதனை முடிவு இன்று மாலை நான்கு மணிக்கு வரும், நாளைக் காலை பிளேட்லெட்டை மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது, எழுந்து நடமாடவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார். முடிவு வந்ததும் உங்களுக்கு மெசேஜ் போடுகிறேன். டெங்கு என்று உறுதியானால் விடுப்பு நீளும். அதை மாலையிலேயே சொல்லிவிடுவேன், கடைசி நேரத்துக்கு வைக்க மாட்டேன். டாக்டர் சீட்டு என்னிடம் இருக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலாவது, மண்ணடி வியாபாரியின் பேரீச்சம்பழக் கன்டெய்னர். மாதவரம் சிஎஃப்எஸ்ஸில் நிற்கிறது, கடைசி நான்கு எண் 4417. உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தின் என்ஓசி நேற்று மாலை ஆறு மணிக்கு ஆன்லைனில் வந்துவிட்டது, டியூட்டியும் கட்டியாயிற்று. இன்று காலை 11 மணிக்கு அதிகாரி வந்து பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அவுட் ஆஃப் சார்ஜ். லைன் கொடுத்த இலவச நாள் இன்றோடு முடிகிறது. பழம் வெளியே வந்துவிட்டால் போதும் என்று வியாபாரி நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை சார். காலிப் பெட்டியை யார்டில் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கும் வரை லைனின் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். நாளை ஆனால் டிடென்ஷன் டாலரில் விழும். அதனால் பரிசோதனை, இறக்குதல், காலிப் பெட்டி திருப்புதல் மூன்றும் இன்றே முடிய வேண்டும்.

இதை அன்வர் பாய் பார்க்கிறார். ஃபஜ்ர் தொழுகை முடித்து வந்தவரிடம் என் வீட்டுக்காரர் போனில் பேசிவிட்டார், ஒப்புக்கொண்டார். அவரிடம் ஜி கார்டு இருப்பதால் பரிசோதனையில் நிற்பதும் கையெழுத்துப் போடுவதும் அவராலேயே முடியும். மூலக்கடை பாலத்தில் மழை நாளில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஒன்பது மணிக்கே கிளம்பச் சொல்லியிருக்கிறேன். மொத்தம் 2,200 அட்டைப்பெட்டி, பெட்டிக்கு 10 கிலோ. ஒரு மணிக்கு இரண்டு லாரி வரும். இரண்டிலும் தார்ப்பாய் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும். அட்டை நனைந்தால் வியாபாரி சரக்கையே ஏற்க மாட்டார், அவர் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. மூன்று மணி வரை இறக்கி முடியவில்லை என்றால் டிஓ நீட்டிப்புக்கு லைனுக்கு மெயில் போட்டாக வேண்டும். அந்த மெயிலை எழுதி டிராஃப்டில் வைத்திருக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் செல்வி அக்கா பொது மெயிலில் இருந்து அனுப்பிவிடுவார்.

இரண்டாவதில்தான் எனக்குக் கவலை அதிகம். அம்பத்தூர் பம்ப் கம்பெனியின் இறக்குமதி. கப்பல் நாளை காலை வருகிறது. வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும், அதாவது இன்று ராத்திரி 12 மணி வரைதான் நேரம். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு 10,000 ரூபாய். போன வருடம் நான் ஊருக்குப் போனபோது ஒரு கோப்பை யாரிடமும் ஒப்படைக்காமல் போய், மூன்று நாள் லேட் சார்ஜ் 15,000 ரூபாய் கட்டினோம். அந்த வாடிக்கையாளர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று அன்றைக்கு நான் பட்டது எனக்கு மறக்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் காய்ச்சலிலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை தினேஷ் எடுத்துக்கொள்கிறார். விடிகாலை 4.50க்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், பத்து நிமிடத்தில் "நான் போட்டுடறேன், நீங்க தூங்குங்க" என்று பதில் வந்தது. செக்லிஸ்ட் தயார், ஐஜிஎம் எண்ணும் வந்துவிட்டது, எல்லாம் பொது ஃபோல்டரில் பம்ப் கம்பெனி பெயரில் இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல். இன்வாய்ஸில் எடை 640 கிலோ, பேக்கிங் லிஸ்ட்டில் 604 கிலோ. யாரோ எண்ணை மாற்றி அடித்திருக்கிறார்கள், ஆனால் எது சரி என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. திருத்திய தாளை அனுப்பச் சொல்லி நேற்று மாலையே கம்பெனிக்கு எழுதிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. தினேஷ் பத்தரைக்கு அவர்களுடைய கொள்முதல் பிரிவை போனில் பிடிக்கட்டும். மூன்று மணிக்குள் வரவில்லை என்றால் நீங்களே அவர்கள் மேலாளரிடம் பேச வேண்டியிருக்கும் சார், உங்கள் பேச்சுக்குத்தான் அங்கே மதிப்பு. நேரமாகிறது என்று ஏதோ ஒரு எடையைப் போட்டு அனுப்பிவிட வேண்டாம். அப்புறம் திருத்தம் கேட்டு அதிகாரியிடம் அலைவது லேட் சார்ஜை விடப் பெரிய வேலை.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். என் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் என் டிராயரில் பூட்டி இருக்கிறது, சாவி என்னிடம். அதை எடுத்துப் போட வேண்டிய தேவை இன்று இல்லை. தினேஷுக்கும் ஜி கார்டு இருக்கிறது, அவர் பெயரில் தனி டோக்கன் இருக்கிறது, அதில்தான் போட வேண்டும். யார் கேட்டாலும் என் கடவுச்சொல்லைத் தர மாட்டேன், என் வீட்டுக்காரருக்கும் அது தெரியாது. நான் படுக்கையில் இருக்கும்போது என் கையெழுத்தில் ஒரு கோப்பு போனால், நாளைக்கு அதற்கு பதில் சொல்ல வேண்டியது நான். நீங்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மூன்றாவது, நாளை மாலை கட்-ஆஃப் இருக்கும் ஏற்றுமதிப் பெட்டி. எல்ஈஓ ஆகிவிட்டது. எடைமேடைச் சீட்டை வைத்து விஜிஎம் போட வேண்டும், ஃபார்ம் 13 எடுக்க வேண்டும், அவ்வளவுதான். செல்வி அக்காவிடம் இருப்பது ஹெச் கார்டு, அதனால் கஸ்டம்ஸ் தாள்களில் அவர் கையெழுத்துப் போட முடியாது. இந்த இரண்டுக்கும் அது தேவையில்லை. அக்கா பொன்னேரியிலிருந்து ரயிலில் வருகிறார், பீச் ஸ்டேஷனில் இறங்கி அலுவலகம் சேரப் பத்து மணி ஆகும். அவரிடம் மட்டும் நான் இன்னும் பேசவில்லை. நகல் அனுப்பியிருக்கிறேன், ஆனாலும் நீங்கள் ஒரு முறை நேரில் சொல்லிவிடுங்கள். டிரெய்லர் டிரைவரை நாளை மதியத்துக்கு முன்பே ஜீரோ கேட் வரிசையில் நிற்கச் சொல்ல வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி வரிசை நின்றுவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மற்றது எதுவும் இரண்டு நாளில் கெட்டுப்போகாது. ரீஃபண்ட் கோப்பு என் மேசையில் இருக்கிறது, அதை யாரும் தொட வேண்டாம். தாள்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன், கலைந்தால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

டாக்டர் தூங்கச் சொல்லியிருப்பதால் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். மதியம் 12 முதல் 12.30 வரை மெசேஜ் பார்ப்பேன். பம்ப் கம்பெனி எடை விஷயத்திலோ, மாதவரத்தில் அதிகாரி ஏதாவது புதிதாகக் கேட்டாலோ எந்த நேரமும் அழையுங்கள், அவர் என்னை எழுப்பிவிடுவார். பில் ஆஃப் என்ட்ரி எண் வந்ததும் தினேஷ் எனக்கு அனுப்பினால் நிம்மதியாகத் தூங்குவேன்.

திடீரென்று மூன்று பேர் தலையிலும் வேலையைப் போடுகிறேன். கேட்ட இருவரும் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கு என் நன்றியை நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார். அன்வர் பாய்க்கு இன்று மதியச் சாப்பாடு மாதவரத்தில்தான், அந்தச் செலவைக் கோப்புக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள்.

விடுப்புக்கு அனுமதி தரக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி,
ரேவதி
இறக்குமதி ஆவணப் பிரிவு